அஷ்டமி நவமியும் முப்பத்தெட்டு லட்சமும்

மேலதிகாரியைக் காட்டிக்கொடுக்காதவன் என்று மருதமுத்துவுக்கு ஆபீசில் நல்ல பெயர். அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கக்கூட முடியாது என்று அவன் கற்றுக்கொள்ள நாற்பத்து நாலு வயது ஆயிற்று. சிலருக்கு அதற்கு முன்னாலேயே புத்தி வந்துவிடுகிறது. இவனுக்கு வரவில்லை. என்ன செய்வது, பரமக்குடி மண்ணில் பிறந்த விசுவாசம் அப்படி.

எண்பத்தொன்றில் பரீட்சை எழுதி, மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் குமாஸ்தாவாகக் கல்கத்தாவுக்கு வந்தவன். அலிப்பூரில் ஆபீஸ். பெஹாலாவில் ஒற்றைப் படுக்கையறை வாடகை வீடு. ஷிப்பிங் செக்‌ஷனில் சீனியர் அசிஸ்டென்ட். வெளிநாட்டிலிருந்து கிதிர்பூர் துறைமுகத்துக்கு வந்து இறங்கும் இயந்திரச் சாமான்களை வெளியே எடுத்துக் கொண்டுவருவது அவன் வேலை. கேட்க லேசாக இருக்கும். கப்பலிலிருந்து சரக்கு இறங்கினால் துறைமுகத்துக்காரன் சில நாட்கள் சும்மா வைத்திருப்பான். அதற்குள் சுங்க இலாகாவில் காகிதம் கொடுத்து, வரி எவ்வளவு என்று தெரிந்து, அதைக் கட்டி, சரக்கை லாரியில் ஏற்றிவிட வேண்டும். தாமதமானால் டெமரேஜ் என்று தினசரி வாடகை தீட்டிவிடுவான். வரி கட்டப் பணம் வேண்டும். பணத்துக்கு மேலதிகாரி கையெழுத்து வேண்டும். அங்கேதான் சனி குடியிருந்தது.

அந்த மேலதிகாரி ஸ்ரீனிவாசராகவன். துணைப் பொது மேலாளர். பௌதிகத்தில் எம்.எஸ்ஸி. தொண்ணூற்றேழில் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர். தமிழ் பேச ஓர் ஆள் கிடைத்தானே என்று மருதமுத்துவுக்கு அன்றைக்கு வயிறு குளிர்ந்துபோயிற்று. "நீ நம்மூர்ப் பக்கமாய்யா?" என்று அவர் கேட்ட ஒரு கேள்விக்கு, ஏழு வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காளிகாட் பக்கம் லேக் மார்க்கெட்டுக்குப் போய் அவர் வீட்டுக்குக் காப்பிப் பொடியும் முருங்கைக்காயும் வாங்கிக் கொடுத்தான். அவர் அதற்குக் காசு கொடுத்துவிடுவார், அதில் குறை சொல்லக்கூடாது.

எம்.எஸ்ஸி. படித்தவர் அஷ்டமியிலும் நவமியிலும் பணம் சம்பந்தப்பட்ட நோட்டில், அதாவது அனுமதி கேட்டு எழுதும் குறிப்பில், கையெழுத்துப் போடமாட்டார். போட்டால் தரித்திரம் என்று அவர் தாயார் சொல்லி வளர்த்திருந்தாராம். சரி, போடாவிட்டால் போகட்டும். "இன்னிக்கு அஷ்டமின்னு தெரியாதா நோக்கு? நாளைக்கு நவமி. தசமியில கொண்டா. இதக் கிழிச்சுப் போட்டுட்டு அன்னிக்குத் தேதி போட்டுப் புதுசா அடிச்சுக் கொண்டா. அஷ்டமித் தேதி போட்ட காயிதமே என் ஃபைல்ல இருக்கப்படாது." மருதமுத்து கிழிப்பான். தசமியில் புதிதாக அடிப்பான். அவர் அன்றைக்கே கையெழுத்துப் போடுவார். அவர் டெல்லிக்கோ சென்னைக்கோ டூர் போயிருந்தாலும் இதே கதைதான். திரும்பி வந்த பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து, அந்தத் தேதியில் புது நோட்டு. ஃபைலைப் புரட்டிப் பார்த்தால், வந்த அன்றே கையெழுத்துப் போடும் மகாசூரர் ஸ்ரீனிவாசராகவன் என்றுதான் யாருக்கும் தோன்றும். நோட்டை எழுதவே தாமதம் பண்ணுகிற சோம்பேறி யார்? மருதமுத்து.

பக்கத்து நாற்காலிக்காரர் பிமல் தத்தா, வங்காளி. மருதமுத்துவைவிட ஐந்து வயது மூத்தவர், வங்காளத்தில் அண்ணனுக்குத் தாதா, ஆகவே பிமல்தா. அவருக்கு இது விளங்கவே இல்லை. "என்ன ஊர் ஐயா உங்கள் ஊர்? துர்க்கா பூஜையில் அஷ்டமியன்றைக்குத்தான் நாங்கள் புதுவேட்டி கட்டி அஞ்சலி செலுத்துகிறோம். உங்கள் சாருக்கு அஷ்டமி என்ன பாவம் செய்தது?" என்பார். மருதமுத்து சிரித்துக்கொண்டே டைப் அடிப்பான்.

இப்படி மாசத்தில் நாலு நாள் போயிற்று, டூர் பத்து நாள் போயிற்று, சரக்கு துறைமுகத்தில் மழையில் நனைந்தது. தொண்ணூற்றொன்பது-இரண்டாயிரம் நிதியாண்டுக் கணக்கில் டெமரேஜ் மட்டும் முப்பத்தெட்டு லட்சம் கட்டினார்கள். அரசாங்கத்துப் பணம். கேட்பார் யார்?

அதே இரண்டாயிரத்தில்தான் மருதமுத்துவின் வீட்டில் இடி விழுந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண், சுப்ரியா. மூன்று வயதாகியும் பேசவில்லை. "எங்க வீட்டுல எல்லாரும் லேட்டாத்தான் பேசுவோம்" என்று அவன் மனைவி பூங்கோதை சொல்லிக்கொண்டிருந்தாள். பரிசோதனையில் இரண்டு காதும் கேட்கவில்லை என்று தெரிந்தது. கருவி மாட்டலாம், பேச்சுப் பயிற்சி கொடுக்கலாம், பேசவும் வைக்கலாம். ஆனால் ஒரே பாஷையில் கொடுக்க வேண்டும், அதுவும் தாய் நாள் முழுக்கப் பேசுகிற பாஷையாக இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பூங்கோதைக்குத் தமிழைத் தவிர ஒன்றும் வராது. மீன்காரனிடம்கூட விரலைக் காட்டித்தான் வாங்குவாள். தமிழில் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம் சென்னையில்தான் இருந்தது, அதிலும் தாயும் பிள்ளையோடு கூடவே உட்கார்ந்து படிக்க வேண்டும். ஆக, தாயும் மகளும் வில்லிவாக்கத்தில் பூங்கோதையின் அண்ணன் வீட்டு மாடியில். மருதமுத்து பெஹாலாவில், கொசுவோடு.

சென்னைக்கு மாற்றல் கேட்டு எழுதினான். இடம் காலியில்லை என்று பதில். மறுபடி எழுதினான். மறுபடி அதே பதில், தேதி மட்டும் வேறே. வருஷத்துக்கு ஒருமுறை லீவில் போவான். குழந்தை அவனை விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கும், அவன் எதிரில் வாயே திறக்காது. போனில் பேசலாம் என்றால் காதில் வைத்தாலும் அதற்கு ஒன்றும் கேட்காது. அவன் குரல் எப்படி இருக்கும் என்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

தனியாகக் கிடக்கிறவனுக்கு வேலைதானே துணை. ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டுச் சுங்கச் சட்டப் புத்தகத்தைப் புரட்டியவன், கப்பல் வருவதற்கு முன்னாலேயே சுங்கத்தில் காகிதம் தாக்கல் செய்யலாம் என்று ஒரு வழி இருப்பதைப் பிடித்தான். சட்டத்தில் எப்போதும் இருந்ததுதான். ஒருத்தரும் மெனக்கெட்டதில்லை. வெளிநாட்டுக்காரனிடம் காகித நகலை ஃபாக்ஸில் முன்கூட்டியே வரவழைத்தான். கப்பல் கடலில் இருக்கும்போதே வரி எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. சுவரில் மாட்டியிருந்த தமிழ் நாட்காட்டியைப் பார்த்து, அஷ்டமி நவமியும் சாருடைய டூரும் வருவதற்கு முன்னாலேயே நோட்டைக் கொண்டுபோய் நீட்டினான். கப்பல் வந்து சேரும்போது வரிப்பணம் தயாராக இருந்தது. முன்பு ஒரு சரக்கை வெளியே எடுக்கச் சராசரி இருபத்தாறு நாள் ஆனது, ஆறு நாளாயிற்று. இரண்டாயிரத்தொன்று-இரண்டாயிரத்திரண்டு நிதியாண்டுக் கணக்கில் டெமரேஜ் மூன்று லட்சத்துக்கு இறங்கிற்று. மேலதிகாரியின் அஷ்டமியில் கைவைக்காமல், அதைச் சுற்றிப் பாலம் கட்டிவிட்டான் மனுஷன். கெட்டிக்காரன்தான், தன் விஷயத்தைத் தவிர.

இரண்டாயிரத்திரண்டு ஏப்ரலில் டெல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. நிறுவன நாள் விழாவில் சிறந்த ஊழியர் விருது. ஒவ்வொரு மேலதிகாரியும் தன் கீழே வேலை செய்கிற ஒருவரைக் கடிதம் எழுதிப் பரிந்துரைக்கலாம். 'கடின உழைப்பாளி, நேர்மையானவர்' என்ற வழக்கமான ஸ்தோத்திரமெல்லாம் செல்லாது. என்ன செய்தார், முன்பு நிலைமை என்ன, பின்பு என்ன, ஏன் அப்படி இருந்தது, எல்லாவற்றுக்கும் எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கை சரிதான் என்று நிதிப் பிரிவு சான்று தர வேண்டும். அந்த ஊழியர்மேல் புகார் ஒன்றுமில்லை என்று விஜிலென்ஸ் பிரிவு சொல்ல வேண்டும். கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது: விருது பெறுபவர் மாற்றல் கேட்டிருந்தால் முன்னுரிமை உண்டு.

ஸ்ரீனிவாசராகவனே கூப்பிட்டார். பொய் சொல்லக்கூடாது, அன்றைக்கு அவர் மனசார நல்லதுதான் நினைத்தார். "மருதமுத்து, இந்த விருது நோக்குத்தான். வேற எவனுக்கும் இவ்வளவு கணக்கு கெடையாது. கொழந்தையோட போய் இரு. நீயே டிராஃப்ட் எழுதிக் கொண்டா, நான் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

இதிலே ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதிகாரி எழுத வேண்டிய கடிதத்தைக் குமாஸ்தா எழுதுவதும், அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவதும் ஆபீசில் ஆதிகாலப் பழக்கம். தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே எழுதுகிற மாதிரி மருதமுத்துவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கை ஓடிற்று. முன்பு முப்பத்தெட்டு லட்சம், பின்பு மூன்று லட்சம். முன்பு இருபத்தாறு நாள், பின்பு ஆறு நாள். எல்லாம் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்தது. 'முந்தைய நிலைக்குக் காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது.

காரணம் அஷ்டமி. அதை எழுத முடியுமா? கையெழுத்துப் போடுகிறவரே காரணம் என்று அவர் கையெழுத்துக்கு மேலேயே எழுதுவதா? மருதமுத்து கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தான். பிறகு எழுதினான்: 'செக்‌ஷன் அளவில் முன்கூட்டியே நடவடிக்கை எடுக்கப்படாததாலும், வரி செலுத்தும் நோட்டுகள் தாமதமாக எழுதப்பட்டதாலும்.' சாருக்கு ஒரு கெட்ட பெயரும் வராது. கடிதமும் ஒழுங்காக முடியும். தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு டிராஃப்ட்டின் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டான்.

பிமல்தா அதை வாங்கிப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். "மருத், பின்பு என்பதில் நீ இருக்கிறாய். நல்லது. முன்பு என்பதில் யார் இருந்தது என்று டெல்லிக்காரன் கேட்டால்?"

"செக்‌ஷன்னு பொதுவாத்தான போட்டிருக்கு தாதா."

"செக்‌ஷன் என்றால் யார்? நீயும் நானும் ஒரு பியூனும். அதில் சீனியர் நீ. அந்த வரியை எடுத்துவிடு."

"எடுத்தா அந்த இடம் காலியா நிக்கும். காலியா நின்னா சாரைக் கேப்பாங்க. அவரு நமக்கு நல்லது செய்யறாரு, அவரை மாட்டிவிடலாமா?" என்றான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைப் பிள்ளையார் சுழி போட்டுச் செய்தான்.

ஸ்ரீனிவாசராகவன் படித்துப் பார்த்தார். காரணம் எழுதிய இடத்தில் அவர் கண் கொஞ்சம் நின்றது. "பிரமாதமா எழுதியிருக்கே" என்று நாட்காட்டியைப் பார்த்து, ஏகாதசி என்று உறுதி செய்துகொண்டு, கையெழுத்துப் போட்டார். வழக்கப்படி டிராஃப்ட் ஃபைலில் கோக்கப்பட்டது. கடிதம் டெல்லிக்குப் போயிற்று.

மருதமுத்து அன்று சாயங்காலமே பூங்கோதைக்குப் போன் போட்டான். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, வந்த பிறகு அழுதாள். அடுத்த வாரம் அண்ணனிடம் சொல்லி, தெருக்கோடியில் ஒரு சின்ன வீட்டுக்கு அட்வான்சும் கொடுத்துவிட்டாள். பிள்ளைக்கு அப்பா படத்தைக் காட்டி, உதட்டைக் குவித்து விரித்து 'அப்பா வருவாங்க' என்று சொல்லிக்கொடுத்தாளாம். 'வ'வுக்கு உதட்டைப் பல்லில் வைக்கப் பிள்ளை ஒரு மாசம் பாடுபட்டதாம்.

டெல்லியில் நிதிப் பிரிவு கணக்கைச் சரிபார்த்தது. காசு பிசகவில்லை, சான்றும் கொடுத்தது. கூடவே ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியது: 'முப்பத்தைந்து லட்சம் மிச்சம் பிடிக்க முடிந்திருக்கிறது என்றால், அந்த முப்பத்தைந்து லட்சமும் தவிர்த்திருக்கக்கூடிய நஷ்டம்தானே. பொறுப்பு யாருடையது?' குறிப்பு விஜிலென்ஸ் பிரிவுக்குப் போயிற்று. அவர்கள் பழைய ஃபைல்களை வரவழைத்தார்கள். நோட்டுகள் எல்லாமே தாமதமாக எழுதப்பட்டிருந்தன. எல்லாவற்றிலும் அதே நாளில் அதிகாரி கையெழுத்து இருந்தது. எழுதியவர் மருதமுத்து. நவம்பரில், பொன்னாடை வர வேண்டிய டெல்லித் தபாலில் குற்றப்பத்திரிகை வந்தது.

ஓடினான் சாரிடம். கதவைச் சாத்திக்கொண்டு நின்றான். "சார், நீங்க சொல்லித்தான சார் கிழிச்சுக் கிழிச்சு எழுதினேன். ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க சார்."

ஸ்ரீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றினார். "நான் என்னன்னு எழுதறது? அஷ்டமின்னா எழுத முடியும்? எனக்கு இன்னும் ஆறு வருஷம் சர்வீஸ் இருக்கு மருதமுத்து. பொண்ணு கல்யாணம் இருக்கு. செக்‌ஷன்தான் காரணம்னு நீதானே எழுதினே? நான் எழுதச் சொன்னேனா?"

சொல்லவில்லை. அதுதான் உண்மை. "இல்லீங்க சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

மறு வருஷம் மார்ச்சில் விசாரணை. டெல்லியிலிருந்து வந்த விசாரணை அதிகாரி, மரியாதையான ஆசாமி, டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். முதல் ஆவணம் அந்தப் பரிந்துரைக் கடிதம். இரண்டாவது, அதன் டிராஃப்ட்.

"இது உங்கள் கையெழுத்தா?"

"ஆமாம்."

"நோட்டுகள் செக்‌ஷனில் தாமதமாக எழுதப்பட்டன என்று இருக்கிறது. இது உண்மையா, பொய்யா? பொய் என்றால், விருது வாங்குவதற்காகப் பொய்க் காரணம் எழுதினீர்கள் என்று ஆகும். அது தனிக் குற்றம். யோசித்துச் சொல்லுங்கள்."

மருதமுத்து யோசித்தான். ஒரு பக்கம் கிணறு, ஒரு பக்கம் குழி. அன்றைக்குத்தான் அவனுக்கு வாய் திறந்தது. சார் அஷ்டமி நவமியில் கையெழுத்துப் போடமாட்டார், பழைய நோட்டைக் கிழித்துப் புதிதாக எழுதச் சொல்வார் என்று எல்லாவற்றையும் சொன்னான். எழுத்தில் ஏதாவது உத்தரவு உண்டா என்று கேட்டார் அதிகாரி. இல்லை. கிழித்த நோட்டுகள் இருக்கின்றனவா? கிழித்ததை எவன் வைத்துக்கொள்வான்? பிமல்தா சாட்சி சொன்னார். ஒரே செக்‌ஷன்காரர், அவர்மேலும் பொறுப்பு வரலாம் என்பதால் அது எடுபடவில்லை.

அப்போதுதான் மருதமுத்து தன் பையிலிருந்து பழைய பஞ்சாங்கத்தை எடுத்தான். அதை நம்பித்தான் அவன் ராத்திரி தூங்கியிருந்தான். "பாருங்க சார். அந்த வருஷத்து நோட்டு ஒண்ணுல கூட அஷ்டமி, நவமித் தேதி கிடையாது. சும்மா நடக்குமா இப்படி?"

அதிகாரி ஆர்வமாகவே பார்த்தார். தேதி தேதியாகச் சரிபார்த்தார். உண்மைதான், ஒன்றுகூட இல்லை. அவன் முகத்தில் களை வந்தது. அவர் நிமிர்ந்து, "நோட்டில் தேதி போட்டது யார்?" என்று கேட்டார்.

"நான்தான் சார்."

"பஞ்சாங்கம் யாருடையது?"

"என்னோடது."

அந்த அதிகாரி சுருக்கெழுத்தாளரிடம், 'ஊழியர் மூட நம்பிக்கையால் சில நாட்களில் நோட்டு எழுதுவதைத் தவிர்த்து வந்திருக்கிறார். அதைத் தாமே நிரூபித்துள்ளார்' என்று சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு ஸ்ரீனிவாசராகவனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "நான் பௌதிகம் படித்தவன். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஊழியர்களின் தனிப்பட்ட நம்பிக்கையில் நான் தலையிடுவதில்லை" என்றார். அடப் பாவி மனுஷா என்று பிமல்தா வங்க மொழியில் முணுமுணுத்தார். மருதமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு இன்கிரிமென்ட் வெட்டு. தண்டனைக் காலம் மூன்று வருஷம், அதுவரை சொந்த விருப்ப மாற்றல் பரிசீலிக்கப்படாது. பூங்கோதை கொடுத்திருந்த வீட்டு அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. "மூணு வருஷமா?" என்று போனில் கேட்டாள். "அதுக்குள்ள அவளுக்கு ஒம்பது வயசாயிருமேங்க." அவன், லைன் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தான். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மேல்முறையீடு எழுதினான். அதை ஸ்ரீனிவாசராகவன் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். அவர் நாலு நல்ல வார்த்தை சேர்த்தால் பலன் உண்டு என்று சொன்னார்கள். மனு அவர் மேஜையில் கிடந்தது. அந்தச் சமயத்தில் கூப்பிட்டு விட்டார்.

"உக்காரு மருதமுத்து." உட்காரச் சொன்னதே இல்லை இதுவரை. "இந்த வருஷம் அதிகாரிகளுக்கும் விருது உண்டு. பொது மேலாளர் என் பேரப் பரிந்துரைக்கறேங்கறார். டெமரேஜ் கொறஞ்சுதில்லையா, அதுக்கு. கணக்கெல்லாம் ஏற்கெனவே நிதிப் பிரிவு சான்று குடுத்தது, வேலை சுலபம். டிராஃப்ட் நீ எழுதினாத்தான் நன்னா வரும்."

பெஹாலாவில் கொசு கடிக்கக் கிடந்து சட்டப் புத்தகம் படித்தவன் எவன், விருது எவனுக்கு? மருதமுத்துவுக்கு எழுந்து அந்த மேஜையைக் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது. மேஜைமேல் மனு இருந்தது.

"எழுதறேன் சார்."

அவனுக்குப் புதிதாக எழுத ஒன்றுமில்லை. பழைய கடிதத்தில் பெயரை மாற்றினால் போதும். முன்பு முப்பத்தெட்டு, பின்பு மூன்று. முன்பு இருபத்தாறு, பின்பு ஆறு. 'இவரது தொலைநோக்குத் தலைமையில்' என்று மட்டும் சேர்த்தான். ஸ்ரீனிவாசராகவன் படித்துவிட்டுப் பேனாவின் முனையால் ஓர் இடத்தைத் தட்டினார். "காரணம் போட்டியே, அதோட ஒரு வரி சேரு. பொறுப்பில்லாத ஊழியர் கண்டுபிடிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டார்னு. நிர்வாகத்துல கண்டிப்பு இருந்துதுன்னு தெரியணும் பாரு. பேர் போட வேண்டாம், சங்கடம்."

சங்கடமாம். மருதமுத்து அந்த வரியையும் தன் கையால் எழுதினான். குண்டு குண்டாக, பிழையில்லாமல்.

விருது கிடைத்தது. மனுவும் போயிற்று, 'அனுப்பப்படுகிறது' என்ற ஒற்றை வார்த்தையோடு. ஒற்றை வரியில் நிராகரிக்கப்பட்டுத் திரும்பியது. விருது பெற்றவருக்கு மாற்றலில் முன்னுரிமை அல்லவா, ஸ்ரீனிவாசராகவன் சென்னை கேட்டார். இரண்டாயிரத்து நாலு ஜூலையில் உத்தரவு வந்தது.

பிரிவு உபசாரத்தில் மாலையைக் கழற்றிக்கொண்டே அவனைத் தேடிப் பிடித்தார். "ஆத்துக்கு ஏதாவது கொடுத்து அனுப்பணுமாய்யா? கூச்சப்படாதே. பாரம் மட்டும் பார்த்துக்கோ, விமானத்துல போறேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் மருதமுத்து வாயெடுத்தான். ஆனால் பிள்ளைக்கு ஒரு ஃபிராக் வாங்கி வைத்திருந்தான், தபாலில் அனுப்பினால் ஒழுங்காகப் போய்ச் சேருமோ என்னவோ. மறுநாள் காலை ஃபிராக்கையும் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பையும் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தான். கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

சென்னையில் அவர் வீடு திருவான்மியூர். கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. வந்து வாங்கிக்கொள்ளும்படி பூங்கோதையின் அண்ணன் வீட்டுக்குப் போன் செய்தார். பூங்கோதை சுப்ரியாவைக் கூட்டிக்கொண்டு வில்லிவாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனாள். விஷயம் எல்லாம் தெரிந்தவள்தான், போகமாட்டேன் என்று முரண்டு பிடித்தவள்தான். "அவரு மனசு வச்சா அங்கேருந்து நம்ம மாற்றலுக்குச் சொல்லலாம், மூஞ்சியக் காட்டாத" என்று மருதமுத்துதான் கெஞ்சி அனுப்பினான். பஸ்ஸில் போகிற வழியெல்லாம் பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, உதட்டைக் காட்டிக் காட்டி ஒரு வாக்கியம் பழக்கிக்கொண்டே போனாள்.

அடுத்த வாரம் ஆபீஸ் போனில் ஸ்ரீனிவாசராகவன். பழைய ஃபைல் ஒன்று எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூப்பிட்டார். மருதமுத்து அலமாரி எண்ணைச் சொன்னான். போனை வைப்பதற்கு முன்னால் அவருக்கு ஞாபகம் வந்தது.

"ஆமா, உன் ஆத்துக்காரி வந்து பொட்டலம் வாங்கிண்டு போனா. உன் பொண்ணு அழகாப் பேசறாளேய்யா. ஊமைன்னுன்னா நெனச்சிண்டிருந்தேன்? என் மொகத்தப் பாத்து, 'எங்க அப்பாவுக்கு ஒதவி பண்ணினதுக்கு நன்றி மாமா'ன்னா. கணீர்னு, ஒரு எழுத்து பிசகல. வெளி மனுஷா கிட்ட இதுதான் மொதல் தடவையாம், உன் ஆத்துக்காரி சொன்னா. என் சம்சாரம் கண்ணத் தொடச்சிண்டா. நீ கேட்டிருக்கியோ அவ பேசி?"

"இல்லீங்க சார்" என்றான் மருதமுத்து. "நான் இன்னும் கேக்கல."